அடியைப் பாருங்கள்!

மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய போட்டோவில் பையன் வாசல் கதவருகே நிற்கிறான். கதவு 7 அடி என்கிறார்கள். பையன் 6 அடி என்று நம்பலாமா?
*— வாசகி, கரூர்*

தலையைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள்! பையனின் பாதம் வாசற்படிக் கோட்டுக்குக் கீழே தெரிந்தால், அவன் கதவுக்கு முன்னால் தள்ளி நிற்கிறான். கேமரா கதவிலிருந்து 10 அடியில் இருந்து, பையன் 1 அடி முன்னே நின்றிருந்தால், பத்தில் ஒன்பது பங்குதான் நிஜம். உங்கள் 6 அடிப் பையன் ஏறக்குறைய 5 அடி 5 அங்குலம்! அதே போட்டோவை 30 அடி தள்ளி நின்று எடுத்திருந்தால், 5 அடி 9½ வந்திருப்பான். இன்னொன்று: அந்த 7 அடி பெரும்பாலும் நிலையோடு சேர்த்துச் சொல்வது. நீங்கள் அளந்தது வெறும் கதவையா, நிலையையுமா?

நாற்காலியை வைத்து அளந்தால்?
*— அதே வாசகி*

நாலு மடங்கு ஆபத்து. நாற்காலியின் உட்காரும் பலகை சுமார் 18 அங்குல உயரம். அதில் 1 அங்குலம் தப்பினால், ஆளின் உயரத்தில் 4 அங்குலம் தப்பும்.

பக்கத்தில் நிற்கும் தங்கையின் உயரம் தெரியுமே?
*— மறுபடியும் அவரே*

அதுதான் நல்ல அளவுகோல். இருவர் பாதமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஆனால், தங்கை காலில் ஹீல்ஸ் இருக்கிறதா? புடவை மறைத்திருந்தால் 3 அங்குலம் வரை ஏமாறுவீர்கள். பெண் பார்க்க வரும்போது எல்லோரும் செருப்பை வாசலில்தான் விடுவார்கள். அப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.