செங்கல்லும் இதயக்குறியும்

மதுரையை அடுத்த தோப்பூரில் அமையவிருந்த எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது; 2021 சட்டமன்றத் தேர்தல் பரப்புரையில் கட்டடம் எழவில்லை எனக் குத்திக்காட்ட உதயநிதி ஸ்டாலின் ஒற்றைச் செங்கல்லைத் தூக்கிக் காட்டியபின், எக்ஸ் தளத்தில் அம்மருத்துவமனையைப் பற்றிய பதிவுகளுக்குச் செங்கல் படமே வழக்கமான மறுமொழியாயிற்று. அம்மறுமொழிக்கு விழும் விருப்பக்குறிகளை எண்ணி, "மதுரை மக்களே சொல்லிவிட்டார்கள்" எனத் தீர்ப்பெழுதும் அறிஞர்க்குப் பஞ்சமில்லை.

மூலப்பதிவை 2 லட்சம் பேர் பார்த்து, செங்கல்லுக்கு 4,000 விருப்பங்கள் விழுந்ததாகக் கொள்வோம்: அது நூற்றுக்கு இருவர். எஞ்சிய தொண்ணூற்றெட்டுப் பேரின் மௌனத்தை அறிஞர் தம் கணக்கிலேயே வரவு வைத்துக்கொள்கிறார். விரும்பிய அந்த 4,000 பேரிலும் கருத்தை ஏற்றவர், நகைச்சுவைக்குச் சிரித்தவர், கட்சிப் பாசத்தால் தட்டியவர் என மூவகையினரும் ஒரே இதயக்குறிக்குள் அடங்குவர். மறுப்போரைக் காட்டும் எண்ணிக்கையோ அங்கு இல்லவே இல்லை. மேலும், விருப்பம் பெற்ற மறுமொழியைத் தளமே மேலே ஏற்றுவதால், பார்க்கப்படுவதாலேயே அது இன்னும் விருப்பம் பெறுகிறது. 2024 ஜூன் முதல் பிறர் பதிவை விரும்பியவர் யாவர் என்பது மறைக்கப்பட்டுவிட்டதால், தட்டிய விரல் திருமங்கலத்ததா, டொராண்டோவினதா என்பதையும் அறிய வழியில்லை.

செங்கல் சுட்டும் குறை சரியா என்பதை விருப்பக்குறி தீர்மானிப்பதில்லை; நடந்ததுதான் தீர்மானிக்கும். தோப்பூரில் கட்டடம் எழாததால், 2022இல் சேர்ந்த முதல் 50 மாணவர்கள் இராமநாதபுரத்தில்தான் படிக்கத் தொடங்கினர்.