முறுக்கும் முறைப்பாடும்

கடவுச்சீட்டைத் தொலைத்தவர்கள் பொலிஸில் முதலில் சொல்வது, தாங்கள் எவ்வளவு கவனமான ஆட்கள் என்பதைத்தான். திருநெல்வேலி அண்ணாச்சியும் அப்படியே தொடங்கினார். அவர் தமிழில் சொல்ல, நான் சிங்களத்தில் சொல்ல, சார்ஜன் எழுதினார்.

"காலையில அட்டன்ல பஸ் ஏறினேன் தம்பி. பக்கத்துல இருந்தவன் முழியே சரியில்ல. அவன்தான் அடிச்சிருப்பான்."

அடித்ததைப் பார்த்தாரா? இல்லை. பையில் கை வைத்ததை? அதுவும் இல்லை. அந்த ஆள் இவருக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தவராம். ஆகவே 'திருடப்பட்டது' என்று எழுத முடியாது, 'காணாமற்போனது' என்றுதான் வரும். சந்தேகம் இருந்தால் அவருடைய சந்தேகம் என்றே தனியாக எழுதலாம். இடையில் நிற்கிற நான் ஒரு சொல்லைக் கூட்டினால் ஜன்னல் சீட்டுப் புண்ணியவான் களவாளியாகிவிடுவார்.

அடுத்தது நேரம். 'காலையில' என்பதை வைத்துக்கொண்டு எந்த பஸ்ஸைத் தேடுவது? கடைசியாகக் கண்ணால் பார்த்த நேரம் ஒன்று, இல்லையென்று தெரிந்த நேரம் இன்னொன்று. இரண்டும் வேண்டும். அட்டன் விடுதிக்காரர் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தது 9.15க்கு. பஸ் புறப்பட்டது 9.40க்கு. நுவரெலியாவில் இறங்கிப் பையைத் துழாவியது 11.35க்கு. நடுவில் டெவன் நீர்வீழ்ச்சியைப் பின்னால் வைத்து அண்ணாச்சி தன்னைத்தானே எடுத்த படம் ஒன்று போனில் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் மடியில் திறந்த பை, அதில் நீல அட்டையின் மூலை. நேரம் 10.12. 2006 ஏப்ரலுக்கு முன்பென்றால் இந்திய மணிக்கும் எங்கள் மணிக்கும் அரை மணி வித்தியாசம் பார்த்திருக்க வேண்டும், இப்போது இரண்டும் ஒன்றே. தேட வேண்டிய தூரம் டெவனுக்கு இப்பாலே என்று சுருங்கியது.

"பையில நாலாயிரத்து ஐநூறு ரூவாயும் இருந்துச்சு."

எந்த நாட்டு ரூபாய்? அண்ணாச்சிக்குக் கோபமே வந்துவிட்டது. மூவாயிரம் இந்திய ரூபாய், மிச்சம் இலங்கை ரூபாய். இரண்டு வரியாக எழுதினோம். கடவுச்சீட்டின் எண்ணை மட்டும் அவர் வாயிலிருந்து எடுக்கவில்லை. ஓர் எழுத்தையும் ஏழு இலக்கங்களையும் நகலைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தேன்.

இந்த முறைப்பாட்டின் பிரதியோடு கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்துக்குப் போனால், ஊர் திரும்ப மட்டும் செல்லுகிற அவசரச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பழையது பிறகு கிடைத்தாலும் அதில் பயணம் செய்யக் கூடாது என்று சொல்லிவைத்தேன்.

எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். கையெழுத்துப் போடாமல் நிமிர்ந்தார்.

"முறுக்கு வரலையே தம்பி?"

சார்ஜன் பேனையை மூடவில்லை. எத்தனை பாக்கெட் என்று கேட்டார்.

இரண்டு. ஒன்று பிரித்தது. அதில் பாதியைச் சந்தேகத்துக்குரிய அந்த ஆளுக்குத்தான் கொடுத்தாராம்.