அண்ணாச்சிக்கு ஒரு வாட்ஸ்அப்

கேள்வி: மூத்த மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். எங்கள் பக்கத்தில் நிறைய கல்யாணங்களை முடித்து வைத்த பெரியவர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் விவரம் அனுப்ப வேண்டும். நான் எழுதியதை இணைத்திருக்கிறேன். சரியாக இருக்கிறதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி

பதில்: படித்தேன் ஐயா. இரண்டு முறை விரலால் தள்ளிய பிறகுதான் மகள் வந்தாள். அதுவரை உங்கள் பணி அனுபவம், தாத்தா கட்டிய கோயில் மண்டபம், மைத்துனரின் பதவி எல்லாம் வந்தன. மகள் வந்ததும் 'தங்கமான பெண், அடக்கமானவள், குடும்பப் பாங்கானவள், எதையும் அனுசரித்துப் போவாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெரியவர் இதுவரை அடக்கமில்லாத பெண்ணின் விவரம் ஒன்றுகூடப் பார்த்திருக்க மாட்டார். எல்லா அப்பாக்களும் எழுதுவதை நீங்களும் எழுதினால், ஒன்றும் எழுதாததற்குச் சமம்.

அவர் அதை எங்கே வைத்துப் படிப்பார் என்று யோசியுங்கள். ஏதோ ஒரு கல்யாண வீட்டில், இலை போடுவதற்கு முன்னால், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படிப்பார். பெண்ணுக்கு என்ன வயது, என்ன நட்சத்திரம், என்ன படித்து எங்கே வேலை பார்க்கிறாள், இந்த மூன்றும் கண்ணில் பட்டால் பக்கத்து நாற்காலிக்காரரிடம் அங்கேயே பேச்சை எடுத்துவிடுவார். படாவிட்டால் 'அப்புறம் பார்ப்போம்' என்று போனைப் பைக்குள் போடுவார். அந்த அப்புறம் வருவதில்லை.

வயதை '27' என்று போடாதீர்கள். இந்தச் செய்தி கைமாறிக் கைமாறி இரண்டு வருஷம் கழித்தும் யாராவது ஒரு சித்தப்பாவுக்குப் போய்ச் சேரும். அப்போதும் மகளுக்கு 27 தான் இருக்கும். பிறந்த வருஷத்தைப் போடுங்கள். அடியில் அனுப்பிய மாதத்தையும் போட்டால், பழைய செய்தி பழையது என்று தானே சொல்லிக்கொள்ளும்.

வெறும் 'புனர்பூசம்' என்று நிறுத்தியிருக்கிறீர்களே, அதுவும் போதாது. புனர்பூசத்தில் முதல் மூன்று பாதம் மிதுன ராசி, நான்காம் பாதம் கடகம். கிருத்திகை, மிருகசீரிஷம், உத்திரம், சித்திரை, விசாகம், உத்திராடம், அவிட்டம், பூரட்டாதி இவையும் இப்படி இரண்டு ராசியில் கால் வைத்திருப்பவை. பாதம் போடாவிட்டால் எதிர்வீட்டு ஜோசியர் தன் இஷ்டத்துக்கு ஒரு ராசியில் உட்காரவைத்துப் பொருத்தம் பார்த்துவிடுவார். ராசி, நட்சத்திரம், பாதம் இருந்தால் முதல்கட்டப் பொருத்தத்துக்குப் போதும். தோஷம், தசா சந்தி பார்க்கத்தான் கட்டம் வேண்டும். அது இரண்டாம் கட்டம்.

முழுப் பிறந்த தேதி, நேரம், வீட்டு முகவரி, பள்ளியின் பெயர், சம்பளம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பெரியவர் நம்பிக்கையானவர்தான், ஆனால் அவர் ஃபார்வர்டு செய்யும் குழுவில் இருக்கும் எல்லோரும் உங்களுக்குத் தெரிந்தவர்களா? படமும் அப்படித்தான். கேட்டவர் யார் என்று தெரிந்த பிறகு அனுப்பலாம். என் கைக்கு வந்த வடிவம் இது:

*வணக்கம் அண்ணாச்சி. தென்காசியிலிருந்து எழுதுகிறேன், ஓய்வுபெற்ற ஆசிரியர். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூத்த மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம்.*

*பிறந்த வருஷம் 1998. புனர்பூசம் 4-ஆம் பாதம், கடக ராசி. உயரம் 5 அடி 3 அங்குலம். எம்.எஸ்சி., பி.எட்.; திருநெல்வேலியில் தனியார் பள்ளியில் கணித ஆசிரியை. அம்மா வீட்டைக் கவனிக்கிறாள். தம்பி கல்லூரியில் படிக்கிறான்.*

*கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போக விரும்புகிறாள். சென்னை, கோவை என்றாலும் சம்மதம். அவளிடம் கேட்டுத்தான் இதை அனுப்புகிறேன்.*

*உங்களுக்குத் தெரிந்த இடம் ஏதும் இருந்தால் சொல்லுங்கள். பொருந்தும் என்று தோன்றினால் ஜாதகமும் படமும் அனுப்புகிறேன். உங்களுக்குத் தோதான நேரம் சொன்னால் நானே கூப்பிடுகிறேன்.*

'தாங்கள்தான் தெய்வம் மாதிரி நின்று முடித்துத் தர வேண்டும்' என்ற வரியையும் வெட்டியிருக்கிறேன். மரியாதை வேறு, காலில் விழுவது வேறு. காலில் விழுந்தவரின் மகளுக்குத் தரகர்கள் 'கிடைத்த இடத்தை' காட்டுவார்கள். 'நானே கூப்பிடுகிறேன்' என்பதில் இருக்கிற மரியாதை போதும்.

கேள்வி: அப்பா எனக்குத் தெரியாமலே மூன்று பேருக்கு என் விவரத்தை அனுப்பிவிட்டார். அலுவலகத் தோழியின் மாமா வழியாக அது எனக்கே திரும்பி வந்தது!
— பொறியாளர், கோவை

பதில்: வரன் எப்படி, பிடித்திருக்கிறதா? கேலி இருக்கட்டும். மேலே உள்ள 'அவளிடம் கேட்டுத்தான் அனுப்புகிறேன்' என்ற வரியை அப்பாவிடம் காட்டுங்கள். அது உங்களுக்கான சலுகை இல்லை, இடைநின்று பேசுகிறவருக்கான தைரியம். பெண் பார்க்கும் நாளில் 'எனக்கு இப்போது கல்யாணமே வேண்டாம்' என்று பெண் சொல்லி, நடுவில் நின்றவர் தலை குனிந்த கதை ஊருக்கு ஒன்று இருக்கிறது. அந்த வரி பொய்யாக இல்லாமல் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை.

கேள்வி: '50 சவரன் போடுவோம்' என்று முதலிலேயே எழுதினால் நல்ல இடமாக வரும் என்கிறார் கணவர்.
— இல்லத்தரசி, மதுரை

பதில்: 50 சவரனைத் தேடுகிற இடம் வரும், அது நல்ல இடமா என்பது வேறு கேள்வி. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-க்கு 1986-ல் 4-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். மகன் அல்லது மகளின் கல்யாணத்துக்காகச் சொத்திலோ பணத்திலோ பங்கு தருவதாகப் பத்திரிகையிலோ வேறு ஊடகத்திலோ விளம்பரம் செய்வது அதன்படி குற்றம். தரகருக்குத் தனியாக அனுப்பிய செய்தி விளம்பரம் ஆகுமா, சவரன் அதில் அடங்குமா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். அது இருநூறு பேர் குழுவுக்குப் போன பிறகு அந்த வாதத்தைக் கேட்கிற இடத்தில் உங்கள் வீட்டுக்காரர் நிற்க வேண்டாம்.

கேள்வி: 'உட்பிரிவு தடையில்லை' என்று போடலாமா?
— ஒரு தாய், சேலம்

பதில்: மனதுக்குள் தடையில்லை என்றால் போடுங்கள். வந்த பிறகு தடுப்பதாக இருந்தால் வேண்டாம்.

கேள்வி: மகள் மூல நட்சத்திரம். முதல் செய்தியில் மறைத்துவிட்டு, நேரில் பார்த்துப் பிடித்த பிறகு பக்குவமாகச் சொல்லலாமா?
— ஒரு தந்தை, ஈரோடு

பதில்: பக்குவமாகச் சொல்ல உங்களுக்கு வாய்ப்பே கிடைக்காது. பிறந்த தேதியும் நேரமும் கைக்குப் போன நிமிஷமே பஞ்சாங்கம் சொல்லிவிடும். 'மறைத்தார்கள்' என்ற பேச்சு மூலத்தைவிட நீண்ட நாள் நிற்கும். நேராக எழுதுங்கள். மூலம் வேண்டாம் என்கிற மாமனார் செய்தியோடு நின்றுவிடுவார். உங்களுக்கு ஒரு தட்டு சொஜ்ஜியும் பஜ்ஜியும் மிச்சம். நட்சத்திரம் மாறும் எல்லையில் பிறந்திருந்தால் வாக்கியம், திருக்கணிதம் இரண்டிலும் பாருங்கள். சில சமயம் இரண்டும் வேறு வேறு சொல்லும். எதன்படி எழுதினீர்கள் என்பதையும் சேர்த்துப் போட்டால் பிறகு தகராறு இல்லை.

கேள்வி: வரன் அமைந்துவிட்டது. விவரம் அனுப்பிய எல்லோருக்கும் தகவல் சொல்ல வேண்டுமா?
— திருச்சி வாசகர்

பதில்: கட்டாயம், நிச்சயம் முடிந்த அன்றே. 'மகளுக்கு இடம் அமைந்துவிட்டது, உங்கள் முயற்சிக்கு நன்றி, பழைய விவரத்தை அழித்துவிடுங்கள்' என்று இரண்டு வரி போதும். அவர் பார்த்துக் கொடுத்த வரனாக இல்லாவிட்டாலும் பத்திரிகையை நேரில் போய் வையுங்கள். உங்களுக்கு இரண்டாவது மகளும் இருப்பதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்.