பங்குக்கு வராத அத்தான்

கூட்டு வியாபாரத்துக்கான அழைப்பு பெரும்பாலும் சொந்தத்திலிருந்துதான் வரும், அதுவும் வயிறு நிறைந்த பிறகு. "அத்தான், நீங்க பணம் மட்டும் போடுங்க, உழைப்பெல்லாம் என்னோடது. ஆளுக்குப் பாதி" என்று மைத்துனர் டிபன் கடைக்குக் கூப்பிடுகிறார். பணம் போடுபவர் ஸ்லீப்பிங் பார்ட்னராம். அவர் தூங்கலாம், கடன் தூங்காது. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 25ஆம் பிரிவின்படி, ஒவ்வொரு பங்குதாரரும் நிறுவனத்தின் முழுக் கடனுக்கும் பொறுப்பு. மளிகைக்காரர் பாக்கியைப் பாதிப் பங்குக்காரரிடம் பாதியாகத்தான் கேட்க வேண்டும் என்பதில்லை.

ஆகவே மறுக்க வேண்டியிருக்கிறது. சாக்குகள் இங்கே எடுபடாது. "கையில பணமில்லை" என்றால் நகைக் கடனுக்கு வழி சொல்வார். "ஆடி போகட்டும்" என்றால் ஆவணி முதல் தேதி வாசலில் நிற்பார். "வீட்டில கேட்டுச் சொல்றேன்" என்பது எல்லாவற்றிலும் மோசம். வீட்டில் இருப்பது அவருடைய அக்கா.

மறுப்பைக் கடைக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, நேரில் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. அவர் பணத்தைக் கட்டிவிட்ட பிறகு சொன்னால் அது மறுப்பல்ல, துரோகம். வார்த்தை இப்படி இருக்கலாம்: "உன் கைப்பக்குவத்துக்குக் கடை ஓடும் தம்பி. ஆனா கடன் பொறுப்பைச் சுமக்க எனக்குத் துணிச்சல் இல்லை, பங்குக்கு நான் வரலை. ரெண்டு வருஷம் நடத்து. கணக்கை எடுத்துட்டு வா, உட்கார்ந்து பேசுவோம்." இதில் குறை முழுவதும் சொல்பவருடையது. சாம்பாரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "பிறகு பார்க்கலாம்" என்று மொட்டையாக விடாமல், எப்போது, எதை வைத்துப் பேசுவது என்றும் சொல்லியாயிற்று. கணக்கு இல்லாமல் வெறும் கூட்டத்தைக் காட்டி மறுபடி அழைத்தால், பழைய பேச்சையே நினைவுபடுத்தினால் போதும்.

கதவைத் திறந்து வைப்பதில் சட்டச் சங்கடமும் இல்லை. 31ஆம் பிரிவின்படி, ஏற்கெனவே நடக்கும் கூட்டு நிறுவனத்தில் பிறகு சேர்பவர், தாம் சேருவதற்கு முந்தைய கடனுக்குப் பொறுப்பாக மாட்டார். அதற்குள் வேறு யாராவது பங்குதாரராகியிருந்தால், அவருடைய சம்மதமும் வேண்டும், அவ்வளவுதான்.

ஆபத்து, அன்பு மிகுந்து மறுப்பு யார் காதிலும் விழாமல் போவதில்தான் இருக்கிறது. திறப்பு விழா அழைப்பிதழில் 'உரிமையாளர்கள்' என்ற இடத்தில் அத்தான் பெயரும் ஏறியிருக்கும். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் 28ஆம் பிரிவு பாசம் அறியாது: தம்மைப் பங்குதாரர் என்று பிறர் காட்டுவதைத் தெரிந்தே அனுமதிப்பவர், அதை நம்பிக் கடன் கொடுத்தவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அழைப்பிதழ் வந்ததும் மஞ்சள் தடவிய மூலையை ரசிப்பதற்கு முன் கடைசி வரி வரை படித்துவிடுங்கள். பெயர் இருந்தால் அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள், எழுத்திலும் ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.