தலையங்கத்து அண்ணன்

ஊருக்கு ஊர் ஒரு கிளை நூலகம் உண்டு. அந்த நூலகம் ஒவ்வொன்றிலும் தலையங்கத்து அண்ணன் ஒருவர் உண்டு. வங்கித் தேர்வு எழுதுகிறவர். எத்தனையாவது தடவை என்று கேட்பது மரியாதை இல்லை. இங்கிலீஷ் ‘இந்து’ மேஜைக்கு வந்ததும் நடுத்தாளை மட்டும் உருவிக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவார். விளையாட்டுப் பக்கத்தைப் பள்ளிக்கூடப் பையன்களுக்கும், பங்குச்சந்தைப் பக்கத்தை ஓய்வுபெற்ற சர்வேயருக்கும் தாராளமாக விட்டுக்கொடுப்பவர், அந்த ஒரு தாளை மட்டும் விடமாட்டார். யாராவது வந்து நின்றால், நிமிராமலே “இன்னும் ஒரு பாரா இருக்கு சார்” என்பார். காலையிலிருந்து அதே பாராதான் இருக்கும்.

அவருக்கு ஒரு பூர்வாசிரமம் உண்டு. அந்த நாட்களில் பக்கத்தில் தடித்த லிப்கோ அகராதி இருக்கும். ஒரு சொல்லைத் தேடுவார். அதன் பொருளில் இன்னொரு தெரியாத சொல் இருக்கும். அதைத் தேடப் போன இடத்தில், சம்பந்தமே இல்லாத மூன்றாவது சொல் ஒன்று படம்போட்டு வரவேற்கும். திரும்பி வரும்போது தலையங்கத்தில் ரிசர்வ் வங்கி யாரைக் கண்டித்தது, ரிசர்வ் வங்கியை யார் கண்டித்தார்கள் என்பது மறந்துபோயிருக்கும். மறுபடி முதல் வரி. ஐந்நூறு சொல் கட்டுரை ஒன்று மத்தியானச் சாப்பாட்டு நேரம்வரை நீளும். நோட்டில் நாற்பது சொல் ஏறியிருக்கும். மறுநாள் அதில் நாலைக்கூடச் சொல்ல வராது.

இப்போது அவர் அகராதியைத் துறந்தவர். துறந்தவர்களுக்கே உரிய முறையில், மற்றவர்களையும் துறக்கச் சொல்கிறார். தேர்வுக்குப் புதிதாகப் படிக்க வந்த பையன் செல்போனை எடுத்து ஒரு சொல்லைத் தட்டினால் போதும், “கையை எடு தம்பி” என்று ஒரு குரல் வரும். ‘பேச்சைக் குறைக்கவும்’ என்ற பலகைக்கு நேர் கீழே பாடம் ஆரம்பமாகிவிடும்.

கிண்டலை ஒதுக்கிவிட்டுச் சொன்னால், பாடம் நல்ல பாடம். அண்ணன் முதலில் தலையங்கத்தைத் தொடுவதே இல்லை. அதே விஷயத்தைத் தமிழ்ப் பேப்பரில் படித்துவிடுவார். காவிரியில் யார் எவ்வளவு தண்ணீர் கேட்கிறார்கள் என்பது தெரிந்தபின் இங்கிலீஷுக்குப் போனால், பாதிச் சொற்கள் தாங்களே முகத்தைக் காட்டிவிடுகின்றன. அடுத்து, கடைசிப் பாராவை முதலில் படிப்பார். தலையங்கக்காரர்கள் தீர்ப்பைப் பெரும்பாலும் அங்கேதான் வைப்பார்கள். அரசைப் பாராட்டியிருக்கிறார்களா, இடித்திருக்கிறார்களா என்று தெரிந்துவிட்டால், நடுவில் வரும் புரியாத சொல் வசவா வாழ்த்தா என்று ஓரளவு ஊகித்துவிடலாம். அதன்பிறகே மேலிருந்து கீழே, எங்கும் நிற்காமல் ஓர் ஓட்டம். தெரியாத சொல்லுக்கு மேல் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும். அதையும் நூலகர் பார்க்காதபோது.

ஓட்டம் முடிந்ததும் புள்ளிகளை எண்ணுவார். இதற்கு ஓர் ஆராய்ச்சி ஆதாரமே வைத்திருக்கிறார். நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷனும் ஹூ என்பவரும் 2000-ல் ஒரு கதையைப் படிக்கக் கொடுத்துச் சோதித்தார்கள். துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள நூற்றுக்குச் சுமார் 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். ஐந்நூறு சொல் தலையங்கத்தில் பத்துப் புள்ளி. முப்பது புள்ளி விழுந்தால் அண்ணன் அந்தத் தலையங்கத்தை மடித்துவைத்துவிட்டுப் பழகிய விஷயத்துக்கு மாறிவிடுவார். “சுத்தியும் இருட்டா இருந்தா எதை வச்சுடா ஊகிப்ப?” என்பது அவர் கேள்வி.

ஒருநாள் பையன் ‘ஸ்டைமி’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டான். நிலம் எடுக்கும் பணி வழக்குகளால் மீண்டும் மீண்டும் ‘ஸ்டைமி’ செய்யப்பட்டதாகவும், ஆயினும் இரண்டே ஆண்டில் முடியவேண்டிய பாலம் இன்னும் காகிதத்திலேயே இருப்பது ஏற்கத்தக்கதல்ல என்றும் எழுதியிருந்தது.

“இது பேரா, வேலையா?”

“வேலைண்ணே. வழக்கு ஏதோ பண்ணுது.”

“வழக்கு பண்ணினப்புறம் பாலம் என்னாச்சு?”

“அப்படியே நிக்குது.”

“அப்ப வழக்கு என்ன பண்ணியிருக்கும்?”

“முட்டுக்கட்டை போட்டிருக்கும்.”

“அந்த இடத்துல ‘தடுத்தது’ன்னு வச்சுப் படி. வாக்கியம் நடக்குதா? நடந்தா விட்டுடு.”

அண்ணன் ஆராதிப்பது இந்தப் பெரிய சொற்களை அல்ல. ‘ஆயினும்’, ‘ஒருபுறமிருக்க’ என்று திசை திருப்பும் சின்னச் சொற்களைத்தான். ‘ஹவ்எவர்’ வரும் இடத்தில் எழுந்து நின்றுவிடுவாரோ என்று தோன்றும். நிதியமைச்சகம் ‘சாங்குவின்’ ஆக இருக்கிறது, ஹவ்எவர் விவசாயிகள் கவலைப்படுகிறார்கள் என்றிருந்தால், அமைச்சகத்துக்குக் கவலை இல்லை என்பது அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடுகிறது.

சறுக்கவும் சறுக்கியிருக்கிறார். மாநகரக் குப்பைக்கிடங்கைப் பற்றிய தலையங்கத்தில் அதை ‘நாய்சம்’ என்று வர்ணித்திருந்தார்கள். பையன் உடனே, “நாய் அதிகம்னு சொல்றாங்களாண்ணே?” என்றான். அண்ணன் சிரித்துவிட்டு, “நாய்ஸ்டா. லாரி போற சத்தம்” என்றார். வாக்கியம் நடந்தது. குப்பைக்கிடங்குக்கு லாரி போகத்தானே செய்யும்! பையனுடைய நாயும் அதே வாக்கியத்தில் பிரமாதமாக நடந்தது என்பது வேறு விஷயம். சில வாரம் கழித்து ஒரு கழிவுநீர்க் கால்வாயையும் ‘நாய்சம்’ என்றார்கள். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தார். கால்வாயில் லாரி ஓடாது. அன்றைக்குத்தான் அகராதி திறந்தது. ‘துர்நாற்றமுள்ள’ என்றிருந்தது. சத்தத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

அதிலிருந்து ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். சொல்லின் முகஜாடையை வைத்து முதலில் ஊகிக்கக் கூடாது. வாக்கியத்தை வைத்து ஊகித்தபிறகே ஜாடை பார்க்கலாம். முதல் சந்திப்பில் கிடைத்த பொருள் பென்சில் பொருள். இரண்டாவது இடத்திலும் பொருந்தினால் நோட்டில் ஏறலாம். பொருந்தாவிட்டாலோ, தீர்ப்பே அந்தச் சொல்லில் தொங்கினாலோ, சாயங்காலம் ஒரே தடவை அகராதி. ஒரு நாளைக்கு மூன்று சொல்லுக்கு மேல் கூடாது. ஆக, அகராதியைத் துறக்கவில்லை, நேரம் குறித்திருக்கிறார். பையன்களிடம் இதைச் சொல்வதில்லை.

மாதிரித் தேர்வில் கோடிட்ட பத்தியை இப்போது சட்டென்று நிரப்புகிறார். ஆனால் தலையங்கம் படித்தே வளர்ந்த மொழிக்குத் தலையங்கத்தின் வாடைதான் வரும். டீ தண்ணியாக இருந்தால் “தரம் கவலையளிக்கிறது” என்கிறார். கிரிக்கெட்டில் தோற்றால் “சுயபரிசோதனை தேவை” என்கிறார். டீக்கடைக்காரர் ஒருநாள் பொறுமை இழந்து, “சீனி வேணுமா வேணாமா தம்பி?” என்று கேட்டுவிட்டார்.

போனவாரம் வீட்டில் ஒரு பெண்ணின் போட்டோவைக் காட்டினார்கள். அண்ணன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “பெண் படித்திருப்பது வரவேற்கத்தக்கது. ஆயினும், எனக்கு இன்னும் வேலை கிடைக்காத சூழலையும் புறக்கணிக்க முடியாது. அது ஒருபுறமிருக்க, இரு குடும்பங்களின் எதிர்பார்ப்பையும்...” என்று போய்க்கொண்டிருந்தார். முகம் என்னவோ சிவந்துதான் இருந்தது.

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. “கடைசிப் பாராவை முதல்ல சொல்லுடா” என்றாள்.