ஜன்னலோரத் தூக்கமும் வாளி வரிசையும்: ஓர் ஒப்பாய்வு

பொள்ளாச்சியில் வீடும் கோயம்புத்தூரில் கல்லூரியும் உள்ள மாணவன் தினமும் பஸ்ஸில் போய்வருவதா, விடுதியில் தங்குவதா என்னும் சிக்கல் அறிஞர் உலகில் இதுவரை உரிய கவனம் பெறவில்லை. எல்லாக் குடும்பங்களிலும் இது இரவுச் சாப்பாட்டின்போது எழுந்து, கை கழுவும்போது கைவிடப்படுகிறது. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வுப் பொருள்: என் அக்கா மகன், பொறியியல் முதலாண்டு. மாதிரியின் அளவு: ஒன்று.

கல்லூரி பஸ் எங்கள் தெருமுனைக்கு 6.50க்கு வருகிறது, 8.30க்குக் கல்லூரியில் இறக்கிவிடுகிறது. மாலையிலும் அதே ஒன்றே முக்கால் மணிக்கு ஐந்து நிமிடம் குறைவு. ஆக, நாளொன்றுக்கு 3 மணி 20 நிமிடம். பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்தால் ஆண்டுக்கு 180 நாள், 600 மணி நேரம். அதாவது பையன் இராப்பகலாக 25 நாள் பஸ்ஸிலேயே குடியிருக்கிறான். இதைக் கேட்டதும் மாமன் என்ற முறையில் நான் விடுதிக் கட்சிக்குத் தாவிவிட்டேன்.

அவசரப்பட்டுவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. விடுதிக்காரனுக்கும் நேரம் சும்மா கிடைப்பதில்லை. குளியலறை வாசலில் ஆளுக்குப் பதில் வாளி நிற்கும் வரிசை, மெஸ்ஸில் தட்டு ஏந்தி நிற்கும் வரிசை, இரண்டுக்கும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். வகுப்புக்கு நடந்து போய்வர இருபது நிமிடம். ஆண்டுக்கு 240 மணி. வெள்ளி மாலை ஊருக்குக் கிளம்பினால் டவுன் பஸ் பிடித்து உக்கடம் வந்து, பொள்ளாச்சி பஸ்ஸில் தொற்றி வீடு சேர இரண்டே கால் மணி நேரம். ஞாயிறு மாலை திரும்பவும் அவ்வளவே. 36 வாரத்துக்கு 162 மணி. கூட்டினால் 402. ஆக, விடுதி மிச்சப்படுத்துவது 600 அல்ல, 198 மணி நேரம்தான்.

இனிப் பணம். கல்லூரி பஸ்ஸுக்கு ஆண்டுக்கு 38,000 ரூபாய். விடுதியில் அறைக்கு 42,000, மெஸ்ஸுக்கு 63,000, வார இறுதிப் போக்குவரத்துக்கு வாரம் நூறு வீதம் 3,600, மொத்தம் 1,08,600. வித்தியாசம் 70,600. இதை 198ஆல் வகுத்தேன். மிச்சமாகும் ஒவ்வொரு மணி நேரத்தையும் அக்கா சுமார் 357 ரூபாய் கொடுத்து வாங்குகிறாள். அந்த மணி நேரத்தில் பையன் என்ன செய்வான் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவன் என்னை நம்பிப் பேசுகிறவன்.

மெஸ் கணக்கில்தான் இவ்வாய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு ஒளிந்திருந்தது. 36 வாரத்துக்கு, நாளுக்கு மூன்று வேளை வீதம் 756 சாப்பாடு. வேளைக்கு 83 ரூபாய். வாராவாரம் ஊருக்கு வருபவன் வெள்ளி இரவு ஒன்று, சனி மூன்று, ஞாயிறு மூன்று என ஏழு வேளை மெஸ்ஸில் சாப்பிடுவதில்லை. (ஞாயிறு இரவுக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள்.) ஆண்டுக்கு 252 வேளை; சரியாக மூன்றில் ஒரு பங்கு. தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால்தான் கழிவு என்கிறது விடுதி விதி. வாரக் கடைசிக்கு இரண்டே நாள். ஆகவே உண்ட 504 வேளைக்கு வேளை 125 ரூபாய் விழுகிறது. அதே கெட்டிச் சட்னிதான்.

"மாமா, மூணு வாரத்துக்கு ஒருக்கா வந்தா?" என்று ஆய்வுப் பொருளே ஆய்வில் தலையிட்டது. போட்டுப் பார்த்தேன். பயணம் 12 ஆகக் குறைகிறது. 54 மணி நேரம். மிச்சம் 306 மணி. வித்தியாசம் 68,200 ரூபாயாகி, ஒரு மணி நேரத்தின் விலை 223க்கு இறங்குகிறது. விடுதி லாபமா நட்டமா என்பதை விடுதிக் கட்டணம் மட்டும் தீர்மானிப்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

இச்சூத்திரத்துக்கு எல்லைகள் உண்டு. செவ்வாய்க்கிழமை அட்டவணைப்படி சனிக்கிழமை கல்லூரி உண்டு என்று வியாழன் மாலை சுற்றறிக்கை வந்தால் கணக்கு கலைந்துவிடும். ஆய்வகம் நீண்டு 4.30 பஸ்ஸை விட்டவன், அன்று ஒரு நாள் பஸ் கட்டணமும் கட்டி டவுன் பஸ்ஸிலும் தொங்குவான். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் கிணத்துக்கடவு தாண்டும் முன்பே தூங்கிவிடலாம். அதைப் பயண நேரத்தில் வைப்பதா, உறக்கத்தில் வைப்பதா என்பதிலும் எனக்கே தெளிவில்லை.

முடிவை அக்காவிடம் சமர்ப்பித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தாள்.

"ஏண்டா, 6.50 பஸ்ஸுக்கு நான் வழக்கத்தவிட ஒரு மணி நேரம் முன்னாடி எந்திரிக்கறனே, அது எந்தப் பக்கத்துல இருக்குது?"

180 நாளுக்கு 180 மணி. அது எந்தப் பக்கத்திலும் இல்லை. பட்டியலில் அதைச் சேர்த்து, பரிந்துரையைத் திருத்தி எழுதினேன்: மூன்று வாரத்துக்கு ஒரு முறை மட்டும் வருவதென்றால் விடுதி, வாராவாரம் வருவதென்றால் பஸ். பையன் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டான். "மூணு வாரமா?" என்று கேட்ட அக்கா இன்னும் போடவில்லை.