அறியா விடை: நாகமலை புதுக்கோட்டைப் பஸ் நிறுத்தத்தை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

நன்னூலார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். ஆறில் அறியா வினா உண்டு. எட்டில் அறியா விடை கிடையாது. தெரியாமல் கேட்கலாம், ‘தெரியாது’ என்று சொல்லக்கூடாது என்ற ஒழுங்கு 13ஆம் நூற்றாண்டிலிருந்தே நம் கல்வியுலகில் நிலவுகிறது.

இக்குறையைக் களைய, தேனி சாலையோரம் நின்று நால்வரிடம் கேட்டேன்: “செக்கானூரணி பஸ் எப்ப வரும்?”

பூக்காரம்மா, பாதி முடிச்சில் நாரை நிறுத்தி, மதுரைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, “தெரியலையே தம்பி” என்றார். ‘தெரியவில்லை’ என்றால் இதுவரை தெரியவில்லை, அவ்வளவுதான்; இனித் தெரியலாம். கடைசி ஏகாரம் அவருடைய வருத்தம்.

டீ மாஸ்டர்: “தெரியாது.” கதவு சாத்தியாயிற்று.

இங்கே ஒரு இலக்கணத் தந்திரம் உண்டு. ‘அறியேன்’ என்பதில் ‘ஏன்’ விகுதியாக நான் நிற்கிறேன், பழி என்மேல். ‘தெரியாது’ அஃறிணை முற்று. நான் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் ஓரமாக ஒதுங்கிக்கொள்கிறேன். தெரியாமல் போனது பஸ்ஸின் குற்றம். பூக்காரம்மாவுக்கும் டீ மாஸ்டருக்கும் இடையிலான பிரிவு ஜப்பானியரிடமும் உண்டு: ‘வகரனாய்’ என்றால் விளங்கவில்லை, ‘ஷிரனாய்’ என்று வெடுக்கெனச் சொன்னால் எனக்கென்ன வந்தது என்று காதில் விழும். இத்தாலியர் எல்லாவற்றையும் தோளைக் குலுக்கி ‘போ’ என்ற ஓரெழுத்தில் முடிப்பார்கள். தமிழர் அதைக் கேட்டால் போய்விடுவார்.

பெட்டிக்கடைக்காரர்தான் ஆய்வின் புதையல். “என்னயக் கேட்டா?” என்றார். நன்னூலார் இதை ‘வினா எதிர் வினாதல்’ என்று அடக்கிவிடுவார். ஆனால் ‘கேட்டால்’ என்ற எச்சம் எதைக் கொண்டு முடிகிறது? ‘எப்படித் தெரியும்’ என்பது ஒரு பாடம். ‘நான் என்ன கண்டக்டரா’ என்பது இரண்டாம் பாடம் (டீக்கடை பெஞ்சுச் சுவடி, இடக்கால் ஆடும் பிரதி). ‘வாங்கிக் கட்டிக்குவே’ என்பது மூன்றாம் பாடம் (மேற்படி சுவடி, வடையெண்ணெயில் ஊறிய ஏடு, ஓரக்குறிப்பு, எழுதியவர் கை துடைக்கவில்லை). அவர் முகத்தை ஒப்புநோக்கியதில் மூன்றாவதே மூலபாடம் என்று துணிந்து, அடுத்தவரிடம் நகர்ந்தேன்.

அவர் பல்கலைக்கழகம் போகும் ஆய்வு மாணவர், கையில் ஃபைல். “இதுல கருத்து வேறுபாடு இருக்கு சார். திட்டவட்டமாச் சொல்ல முடியாது. மேலாய்வு தேவை” என்றார். நான்கில் இதுதான் மிக நீண்ட ‘தெரியாது’. பட்டமும் இதற்கே கிடைக்கிறது.

நான் இதைக் குறித்துக்கொண்டிருக்கையில் பூக்காரம்மா சாலையைக் காட்டிக் கத்தினார்:

“அந்தா தெரியுது பாருங்க தம்பி!”